ஏப்ரலில் தொடங்காத ஸ்டேட்மென்ட்

எங்கள் தெருவில் இட்லி மாவு அரைத்து விற்கும் அக்கா, 2025 ஜூலையில் வீட்டுக்கடனுக்கு மனுப் போட்டார். சம்பளச் சீட்டு காட்ட வழியில்லாத தொழில். மூன்று ஆண்டு வருமான வரிக் கணக்கைக் கேட்டார்கள், கொடுத்துவிட்டார். கடைக்கணக்கு வேறொரு வங்கியில் இருந்ததால், அதே மூன்று ஆண்டுக்கு அங்கிருந்து ஸ்டேட்மென்ட்டை முத்திரை போட்டு வாங்கி வரச் சொன்னார்கள்.

முதலில் பாஸ்புக்கைத்தான் நீட்டினார். பல மாதம் பதியாமல் விட்டுப் பிறகு மெஷினில் வைத்ததில், நடுவே நூற்றுக்கணக்கான வரவுகள் ஒரே வரியாகச் சுருங்கிப் போயிருந்தன. மகன் போனில் இறக்கிய பிடிஎஃப்பும் எடுபடவில்லை. கம்ப்யூட்டரில் எண்ணை மாற்றிப் பிரிண்ட் எடுப்பவர்களைக் கடன் பிரிவில் நிறையப் பார்த்திருக்கிறார்கள். கிளையின் முத்திரையைக் கேட்பது அதனால்தான்.

அக்கா ஒரு தாளில், "கடந்த மூன்று வருட ஸ்டேட்மென்ட் தரவும்" என்று எழுதிக் கொடுத்தார். மனுக் கொடுத்த ஜூலை 10-இலிருந்து பின்னோக்கி எண்ணி, 2022 ஜூலை 11 முதல் அச்சடித்துக் கொடுத்தார்கள். வங்கி மேல் குற்றமில்லை, கேட்டதைத்தான் கொடுத்தது.

வருமான வரிக் கணக்கு ஏப்ரல் 1-இல் தொடங்கி மார்ச் 31-இல் முடியும். 2022-23-க்கு அக்கா காட்டியிருந்த விற்பனை 9,60,000 ரூபாய். ஸ்டேட்மென்ட்டில் அந்த ஆண்டுக்குத் தெரிந்த வரவோ 8,20,000. "மீதி எங்கேம்மா?" என்று கடன் அதிகாரி கேட்க, அக்காவுக்குப் பதில் தெரியவில்லை. விடுபட்ட மூன்று மாதம் பத்து நாளில் வந்தது 2,60,000. அதைச் சேர்த்தால் 10,80,000 ஆகி, இப்போது கூடுதலாக நிற்கிறது! அந்தக் கூடுதல் 1,20,000, நகைக்கடனாகக் கணக்கில் விழுந்த பணம். அதைக் கழித்தால் 9,60,000 சரியாக வந்துவிடுகிறது.

இரண்டாவது கடிதத்தை நான் எழுதிக் கொடுத்தேன்:

"பெறுநர்: கிளை மேலாளர் அவர்கள்.
பொருள்: முந்தைய நிதியாண்டுகளுக்குச் சான்றளித்த கணக்கு அறிக்கை கோருதல்.
ஐயா, மேற்படி கிளையில் என் பெயரில் உள்ள நடப்புக் கணக்கு எண் ……, வாடிக்கையாளர் எண் ……. வீட்டுக்கடன் மனுவுக்கு வருமான ஆதாரமாகக் காட்ட, 1.4.2022 முதல் 31.3.2025 வரையுள்ள அறிக்கையை, ஒவ்வொரு நிதியாண்டுக்கும் தனித்தனியாக, எல்லாப் பக்கங்களிலும் கிளை முத்திரையும் அதிகாரியின் கையொப்பமும் இட்டுத் தர வேண்டுகிறேன். இதற்கான கட்டணத்தை இக்கணக்கிலேயே பிடித்தம் செய்துகொள்ள ஒப்புதல் அளிக்கிறேன். அடையாள அட்டை நகல் இணைத்துள்ளேன்."

தேதிகளை இரண்டு முனையிலும் எழுதியதுதான் இதில் உயிர். "தனித்தனியாக" என்று கேட்டதற்கும் காரணம் உண்டு. ஒவ்வொரு கட்டும் ஒரு வரிக் கணக்கோடு நேராகப் பொருந்தும்; ஓராண்டின் கடைசி இருப்பு அடுத்த ஆண்டின் தொடக்க இருப்பாக வருகிறதா என்று ஒரு பார்வையில் சரிபார்க்கலாம். கட்டணத்துக்கு ஒப்புதலை முன்கூட்டியே எழுதிவிட்டால், அதற்காக இன்னொரு நடை மிச்சம். கையெழுத்து, கணக்குத் திறந்தபோது போட்ட மாதிரிக் கையெழுத்தோடு ஒத்துப் போக வேண்டும். அக்கா அன்று தமிழில் போட்டிருந்தார், இப்போது ஆங்கிலத்தில் போடப் பழகிவிட்டார். நல்லவேளை, கவுன்டரில் சொல்லித் திருத்தினார்கள். கடிதத்தின் நகலில் "பெறப்பட்டது" முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டோம். முப்பது நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போக அந்த நகல்தான் ஆதாரம்.

முத்திரையை நம்பிக் கனவு காணவும் கூடாது. இந்தப் பதிவுகள் எங்கள் ஏட்டில் உள்ளவைதாம் என்று மட்டுமே வங்கி சொல்கிறது. வந்த பணம் வருமானமா, கடனா, அண்ணன் கைமாற்றாகக் கொடுத்ததா என்று அது சொல்வதில்லை. அரிசி, உளுந்து, கரன்ட் பில் எல்லாம் போக நின்றது என்ன என்பதற்கு வரிக் கணக்குதான் பதில். ஸ்டேட்மென்ட் அதற்குச் சாட்சி. அதனால் நகைக்கடன் வரவு போன்றவற்றைத் தேதியோடு ஒரு தனித்தாளில் எழுதி இணைத்தோம். முத்திரையிட்ட பக்கத்தில் பேனாவால் வட்டம் போட அக்கா கையை ஓங்கியபோது தடுக்க வேண்டியதாயிற்று. அதில் ஒரு கீறல் விழுந்தாலும் திருத்திய தாளோ என்ற சந்தேகம் வரும்.

நான்காம் நாள் கட்டு கைக்கு வந்தது. கவுன்டரை விட்டு நகராமல் பக்கம் பக்கமாகப் புரட்டினோம். இரண்டாவது கட்டில் ஒரு பக்கம் முத்திரையில்லாமல் தப்பியிருந்தது. அதையும் போட்டு வாங்கிக்கொண்டுதான் படி இறங்கினோம்.