மேட்டில் கறுப்பா, பள்ளத்தில் கறுப்பா?

டெர்மடோஸ்கோப் கைக்குள் அடங்கும் கருவி. ஏறக்குறைய 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸும் அதைச் சுற்றிய சிறு விளக்குகளும்தான் அதன் உறுப்புகள். பெரிதாக்குவதைவிட முக்கியமான வேலை ஒன்றை அது செய்கிறது: தோலின் பளபளப்பை நீக்குகிறது. தோலில் விழும் ஒளியில் ஒரு பங்கு உள்ளே நுழையாமல் மேற்பரப்பிலேயே பட்டுத் திரும்பிவிடும். அடியில் இருப்பதைக் கண்ணுக்கு மறைப்பது இந்தப் பளபளப்புதான். மச்சத்தின் மீது ஜெல்லோ எண்ணெயோ தடவிக் கண்ணாடித் தகட்டை அழுத்தி வைத்தால் இது பெருமளவு அடங்கும். சில கருவிகள் துருவப்படுத்திய ஒளியைப் பயன்படுத்தி, தோலைத் தொடாமலேயே இதைச் செய்கின்றன.

பளபளப்பு விலகியதும் மெலனின் நிறமி இருக்கும் ஆழம் நிறமாகத் தெரிய வருகிறது. தோலின் மேல் அடுக்கில் இருந்தால் கறுப்பு. அதற்குச் சற்றுக் கீழே பழுப்பு. மேல்தோலைத் தாண்டி உள்தோலுக்குள் இறங்கினால் சாம்பல், இன்னும் ஆழத்தில் நீலம். நிறமி எங்கும் ஒன்றுதான். திசுக்களைக் கடந்து வரும் ஒளி சிதறும் விதத்தால் நிறம் மாறித் தெரிகிறது.

இந்தக் கருவியின் பலம் தெளிவாக வெளிப்படும் இடம் உள்ளங்கால். கறுத்த தோலினருக்கு மெலனோமா என்னும் புற்றுநோய் வருவது அரிது. வந்தால் பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களில்தான் வருகிறது. நம் ஊரில் அதை ஆணிக்கால் என்றோ பழைய அடி என்றோ விட்டுவிடுகிறார்கள் என்பதால் இது கூடுதல் கவனத்துக்குரியது.

உள்ளங்கால் தோல் உழுத நிலம்போல் மேடும் பள்ளமுமாக வரிசையாக ஓடுகிறது. மேடு அகலம், பள்ளம் குறுகல். வியர்வைத் துளைகள் மேட்டின் நடுவில் மட்டுமே திறக்கின்றன. கருவியில் அவை வெண்புள்ளிகளாகத் தெரியும். சாதாரண மச்சத்தின் நிறமி பள்ளங்களைப் பிடித்துக்கொண்டு மெல்லிய இணைகோடுகளாக ஓடும். மெலனோமாவின் தொடக்கத்திலோ மேடுகள் அகலமான பட்டைகளாகக் கறுத்திருக்கும், பள்ளங்கள் வெளுத்திருக்கும். ஜப்பானியத் தோல் மருத்துவர் தோஷியாக்கி சைதாவும் அவருடைய குழுவினரும் இந்த வேறுபாட்டை விரிவாக நிறுவினர்.

ஓர் உதாரணம். அறுபது வயதுக்காரர் ஒருவரின் குதிகாலில் 9 மில்லிமீட்டர் அகலத்தில் பழுப்புத் திட்டு. ஃபோன் படத்தில் ஓரம் மங்கிய கறைதான் தெரிகிறது. மருத்துவர் ஜெல் தடவிக் கருவியை வைக்கிறார். முதலில் தேடுவது வெண்புள்ளிகளை. அவை பழுப்புப் பட்டைகளின் நடுவே வரிசையாக நிற்கின்றன. ஆகவே கறுத்திருப்பது மேடு. ஐயம் இருந்தால் பேனா மையைத் தடவித் துடைத்துப் பார்க்கலாம், மை பள்ளத்தில் மட்டும் தங்கும். மேடு கறுத்திருப்பது உறுதியானால், திட்டு சிறிதாக இருந்தாலும் திசுப் பரிசோதனை தேவை. நிறமி பள்ளத்திலும் இல்லை, மேட்டிலும் தெளிவாக இல்லை என்ற நிலையில்தான் அளவு முக்கியமாகிறது. 7 மில்லிமீட்டரைத் தாண்டினால் திசு எடுப்பார்கள். அதற்குள் இருந்தால் மூன்று முதல் ஆறு மாத இடைவெளியில் மீண்டும் பார்ப்பார்கள்.

மேட்டில் கறுப்பு என்றாலே புற்றுநோய் ஆகிவிடாது. ஓட்டத்திலோ இறுக்கமான செருப்பிலோ நசுங்கிக் கசிந்த இரத்தமும் மேட்டில் தங்கும். அது செங்கறுப்பாக, கூழாங்கற்களைப் பரப்பியதுபோன்ற துளிகளாகத் தெரியும். மேல்தோலைக் கத்தி நுனியால் மெல்லச் சுரண்டினால் பெரும்பாலும் போய்விடும். கறுத்த தோலினரின் உள்ளங்காலில் இயல்பாக இருக்கும் திட்டுகளும் சில சமயம் மேடு கறுத்த தோற்றம் தரும். அவை பல இடங்களில் பரவி, இரு பாதங்களிலும் இருக்கும். அதனால் மருத்துவர் மற்ற காலையும் பார்த்த பிறகே முடிவுக்கு வருகிறார்.

ஃபோன் படத்தில் விடுபடுவது இந்த நிறங்களும் கோடுகளும்தான். ஃபிளாஷ் தோலில் பட்டுத் திரும்பி நிறமியை மறைக்கிறது. வெண்மையைத் தானாகச் சரிசெய்யும் மென்பொருள் சாம்பலுக்கும் பழுப்புக்கும் உள்ள வேறுபாட்டைக் குழப்பிவிடுகிறது. ஓரங்களைக் கூர்மையாக்கும்போது இல்லாத கோடும் தோன்றலாம். படத்தைச் சாய்த்துப் பார்க்க முடியாது, சுரண்டிப் பார்க்க முடியாது. குதிகாலில் உடல் எடை தாங்கும் இடத்தில் நிறமி சாய்ந்து, பள்ளக் கோடுகள் குறுக்கே கீறியதுபோல் ஆகிவிடும். கருவியைச் சற்றுச் சாய்த்தால் கோடுகள் மீண்டும் பள்ளத்துக்கு வந்து சேரும். அந்த ஒரு அசைவு தேவையற்ற அறுவையைத் தவிர்க்கக்கூடும்.

டெர்மடோஸ்கோப் லென்ஸ் இணைத்து எடுக்கும் ஃபோன் படம் வேறு வகை. அதில் பளபளப்பு நீங்கியிருக்கும். வெறும் ஃபோன் படத்துக்கும் ஒரு பயன் உண்டு: அளவுகோலைப் பக்கத்தில் வைத்து, ஒரே வெளிச்சத்தில், சில மாத இடைவெளியில் எடுத்தால் திட்டு வளர்ந்ததா என்பதை மருத்துவர் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.