'நன்று' என்று எழுதினால் போதுமா?

வார்டு போஸ்டிங் முடிந்ததும் நர்சிங் மாணவியின் கைக்கு வரும் படிவத்தில் பெரும்பாலும் 'நன்று, இன்னும் முயற்சி தேவை' என்றுதான் இருக்கும். எதில் நன்று, எதில் முயற்சி? அவளுக்கும் தெரியாது, எழுதியவருக்கும் மறந்திருக்கும்.

ரத்த அழுத்தம் பார்ப்பதையே எடுத்துக்கொள்வோம். இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி பாட்டியை உட்காரவைத்து, ஐந்து நிமிடம் ஓய்வு கொடுத்து, கையை நெஞ்சு மட்டத்தில் தாங்கிப் பிடிக்கிறாள். பலம் என்ற கட்டத்தில் இதை அப்படியே எழுத வேண்டும், 'கனிவானவள்' என்றல்ல. ஆனால் பட்டையின் காற்றைச் சட்டென்று திறந்துவிடுகிறாள். நொடிக்கு 2 மில்லிமீட்டர் அளவில் இறங்க வேண்டிய பாதரசம் சரிந்தால் மேல் அளவு குறைவாகவும் கீழ் அளவு கூடுதலாகவும் பதிவாகும். சார்ட்டில் எல்லாருக்கும் 120/80, 130/80 என்று பூஜ்ஜியத்திலேயே முடிந்தால் சந்தேகப்படலாம்.

இலக்கு: 'வெள்ளிக்கிழமைக்குள் பத்து நோயாளிகளுக்கு, இரட்டைக் காதுக்குழாய் ஸ்டெதஸ்கோப்பில் சிஸ்டரும் கூடவே கேட்க, இருவர் அளவும் 4 மில்லிமீட்டருக்குள் ஒத்துப்போக வேண்டும்.' இதைப் போஸ்டிங்கின் நடுவிலேயே கொடுக்க வேண்டும். கடைசி நாளில் கொடுத்தால் திருத்திக்கொள்ள வார்டு ஏது?