பயிற்சி முடிந்தது, பழக்கம் மாறியதா?

பயிற்சி முடிந்ததும் ஊழியர்களிடம் ஒரு தாளை நீட்டி, "எப்படி இருந்தது?" என்று கேட்பார்கள். அதில் தெரிவது மனநிறைவு மட்டும்தான். அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959இல் அதற்கு மேலும் மூன்று படிகள் வைத்தார்: கற்றது, நடத்தை, விளைவு.

ஒரு தையல் ஆலையை எடுத்துக்கொள்வோம். ஊசியைச் சரிபார்த்து, முதல் ஐந்து துணிகளைச் சோதித்த பிறகே தொடர்ந்து தைக்க வேண்டும் என்பது பயிற்சி. முன்னும் பின்னும் ஒரே தேர்வு வைத்தால் கற்றது தெரிந்துவிடும். நடத்தையை அறிய, மூன்று மாதம் கழித்து மெஷின் அருகே நின்று பார்க்க வேண்டும். தேர்வில் தேறியவரே சோதிக்காமல் தைக்கிறார் என்றால், பீஸ் கணக்கில் கூலி வாங்குபவருக்குச் சோதிக்கும் நேரம் நஷ்டம். அங்கே மாற்ற வேண்டியது கூலி முறையை. அவரை மறுபடி வகுப்பில் உட்கார வைப்பது அநியாயம்.

விளைவில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பயிற்சி பெற்ற லைனில் நூற்றுக்கு 12 ஆக இருந்த பழுது 7 ஆனது என்று வைப்போம். பயிற்சி பெறாத பக்கத்து லைனிலும், நல்ல துணி வந்ததால், 12 பழுது 10 ஆகியிருந்தால், பயிற்சியின் பங்கு ஐந்தல்ல, மூன்றுதான்.