போனவர் திரும்பிவிட்டாரா?

மாஸ்கோவில் ஒரு வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்து, இவான் இருக்கிறாரா என்று கேட்கிறீர்கள். கடைக்கு "பஷோல்" என்று பதில் வந்தால், ஆள் கிளம்பிப் போயிருக்கிறார், இன்னும் திரும்பவில்லை. கடைக்கு "ஹதீல்" என்றால் போய்விட்டு வந்துவிட்டார். "ஷோல்" என்று மட்டும் சொல்லி நிறுத்தினால், 'அப்புறம்?' என்று கேட்கத் தோன்றும். போய்க்கொண்டிருந்தார், வழியில் ஏதோ நடந்தது என்று கதை தொடங்கும் தொனி அதற்கு.

நடந்து போவதற்கு ரஷ்யத்தில் இரண்டு வினைகள். ஒரு திசை நோக்கி, ஒரு வேளையில் நடந்துகொண்டிருப்பது 'இத்தீ'. ஷோல் அதன் இறந்தகாலம். முன்னால் 'ப' சேர்ந்தால், கிளம்பியதைச் சொல்லும் பஷோல். இன்னொரு வினை 'ஹதீத்'. தினமும் பள்ளிக்குப் போவது, அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடப்பது, குழந்தை நடக்கப் பழகிவிட்டது என்பது எல்லாம் இதில் அடங்கும். திசை ஒன்றுக்கு மேற்பட்டது என்பதே இவற்றின் பொது அம்சம். போய்த் திரும்புவதிலும் இரண்டு திசை இருப்பதால், முடிந்துபோன பயணமும் இதன் பங்கில் வந்தது.

வண்டியில் போவதற்கு இதே அமைப்பில் வேறொரு ஜோடி: ஒருவழிக்கு 'யேஹத்', போய்வருவதற்கு 'யெஸ்தித்'. மாஸ்கோவிலிருந்து பீட்டர்ஸ்பர்குக்கு ரயிலில் ஏறத்தாழ 650 கிலோமீட்டர். "பீட்டர்ஸ்பர்க் போனபோது ஒரு புத்தகம் வாங்கினேன்" என்று தமிழில் சொன்னால், எங்கே வாங்கினார் என்பது தெளிவாகாது. ரஷ்யத்தில் 'யேஹல்' என்றால் போகும் வழியில், ரயிலிலோ இடையில் வந்த நிலையத்திலோ வாங்கியது. 'யெஸ்தில்' என்றால் அந்தப் பயணத்தின்போது, பெரும்பாலும் ஊருக்குள் வாங்கியது. ஓர் எழுத்துக்கூட்டம் இவ்வளவு செய்தியைச் சுமப்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

பீட்டர்ஸ்பர்குக்கு 'ஹதீல்' என்று சொன்னால், அவ்வளவு தூரமும் கால்நடையாகவா என்று கேட்பார்கள். ஆனால் ஊருக்குள் இந்தக் கெடுபிடி தளர்ந்துவிடும். மாலையில் நாடகத்துக்குப் போகிறேன் என்பவர், மெட்ரோவில் போனாலும், நடப்பதற்குரிய 'இதூ' என்றே சொல்வார். எங்கே போகிறார் என்பதுதான் அங்கே செய்தி. எதில் போகிறார் என்பதல்ல. வண்டியில் போவதை எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தால் மட்டும் 'யேதூ' வரும்.

புதிதாகக் கற்பவர்கள் திணறுவது ரயிலைப் பற்றிப் பேசும்போதுதான். பயணி 'யேஹத்' செய்கிறார். அவரைச் சுமக்கும் ரயிலோ பெரும்பாலும் 'இத்தீ' செய்கிறது. பேருந்தும் டிராமும் அப்படியே. கடலோடிகள் தங்கள் கப்பல் பயணத்தையும் 'ஹதீத்' என்றே சொல்வார்கள். மழையும் இந்த 'இத்தீ'யில்தான் வருகிறது, திரையரங்கில் படமும் இதில்தான் ஓடுகிறது. இந்த இடங்களில் காலையும் சக்கரத்தையும் பார்த்து வினையைத் தேர்ந்தெடுக்க முடியாது. ஒவ்வொரு சொற்றொடரையும் அப்படியே பழகிக்கொள்ள வேண்டியதுதான்.