லிமிட் 10 லட்சம், எடுக்கக்கூடியது எவ்வளவு?

சிறு வியாபாரிகளுக்கு நடைமுறை மூலதனத்துக்காக வங்கி தரும் கடன்களில் முக்கியமானது கேஷ் கிரெடிட், அதாவது சி.சி. கணக்கு. கடைச் சரக்கும் வரவேண்டிய பாக்கியும் இதற்கு ஈடு. தேவைப்படும்போது பணம் எடுத்து, விற்பனைப் பணத்தைத் திரும்பக் கட்டி வரலாம். அன்றாடம் கணக்கில் நிற்கும் பாக்கிக்கு மட்டுமே வட்டி.

அனுமதிக் கடிதத்தில் உள்ள லிமிட் உச்ச வரம்பு மட்டுமே. அந்தந்த மாதம் உண்மையில் எவ்வளவு எடுக்கலாம் என்பதைத் தீர்மானிப்பது டிராயிங் பவர். வியாபாரி தரும் ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டைக் கொண்டு வங்கி அதைக் கணக்கிடுகிறது.

ஈரோட்டில் 10 லட்சம் ரூபாய் லிமிட் உள்ள ஒரு ஜவுளிக் கடையை எடுத்துக்கொள்வோம். மாதக் கடைசியில் கடையில் இருக்கும் துணியின் கொள்முதல் மதிப்பு 14 லட்சம். அதில் விலைபோகாமல் தேங்கிய 2 லட்சத்தை வங்கி கழித்துவிடும். மில்லுக்கு இன்னும் பணம் தராமல் வாங்கிய சரக்கு 4 லட்சம். அது வியாபாரியின் சொந்தப் பணம் போட்ட சரக்கு அல்ல என்பதால் அதுவும் கழியும். மீதி 8 லட்சத்தில் 25 சதவீதம் மார்ஜின், அதாவது வியாபாரியின் பங்கு. சரக்கின் மீது கிடைப்பது 6 லட்சம்.

வாடிக்கையாளர்கள் தரவேண்டிய பாக்கி 4 லட்சம். அதில் 90 நாளைத் தாண்டிய 1 லட்சத்தை விட்டு, மீதி 3 லட்சத்தில் 40 சதவீதம் மார்ஜின் போனால் 1.80 லட்சம். ஆக, டிராயிங் பவர் 7.80 லட்சம். மார்ஜின் சதவீதமும் பாக்கிக்கான நாள் கணக்கும் வங்கிக்கு வங்கி மாறும். அனுமதிக் கடிதத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். கணக்கில் 12 லட்சம் வந்தாலும் 10 லட்சத்துக்கு மேல் எடுக்க முடியாது.

ஏற்கெனவே 9 லட்சம் எடுத்திருந்தால், லிமிட்டுக்குள் இருந்தும் கணக்கு 1.20 லட்சம் மிகைப்பட்டு நிற்கும். கடன் வாங்கிக் கடையை நிரப்பினால் டிராயிங் பவர் கூடாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

ஸ்டேட்மென்ட்டைக் கடிதத்தில் குறித்த தேதிக்குள் தர வேண்டும். தாமதித்தால் அபராதக் கட்டணம் வரலாம். சரக்கை விற்பனை விலையில் காட்டுவதும், கடனுக்கு வாங்கியதை மறைப்பதும் கூடாது. வங்கி அதிகாரி நேரில் வந்து இருப்புப் பதிவேட்டையும் கொள்முதல் பில்களையும் ஒப்பிடுவார். வித்தியாசம் அங்கேயே வெளிப்பட்டுவிடும். சரக்குக்கு இன்சூரன்ஸும் நடப்பில் இருக்க வேண்டும்.

மூன்று மாதத்துக்கு மேல் பழைய ஸ்டேட்மென்ட்டை வைத்து எடுத்த பணம், ரிசர்வ் வங்கி விதிப்படி முறையற்றது. அந்த நிலையோ, டிராயிங் பவரைத் தாண்டிய பாக்கியோ தொடர்ந்து 90 நாள் நீடித்தால் கணக்கு வாராக்கடனாகிவிடும். எனவே ஒவ்வொரு மாதமும் ஸ்டேட்மென்ட் கொடுத்ததும் டிராயிங் பவர் எவ்வளவு என்று வங்கியில் கேட்டறிந்து, அதன் பிறகே காசோலை எழுதுவது நல்லது.