மாட்டுக்குச் சதையில், ஆட்டுக்குத் தோலடியில்: தடுப்பூசி ஏன் இடம் மாறுகிறது?

ராயப்பன்பட்டியில் மாட்டுக்குக் கோமாரித் தடுப்பூசி போடும்போது கவனித்திருக்கிறீர்களா? நீள ஊசி கழுத்துச் சதைக்குள் நேராக இறங்கும். வெள்ளாட்டுக்கு ஆட்டுக்கொல்லித் தடுப்பூசி என்றால் தோலைத் தூக்கிப் பிடித்துக் குட்டை ஊசியால் போடுவார்கள். ஏன்?

தலையணையை நினைத்துக்கொள்ளுங்கள். உறைதான் தோல், பஞ்சுதான் சதை. உறைக்கும் பஞ்சுக்கும் நடுவே உள்ள இடமே தோலடி.

கோமாரி மருந்தில் பெரும்பாலும் எண்ணெய் கலந்திருக்கும். கெட்டியான அந்த மருந்து ஆழச் சதையில் தங்கி மெல்ல மெல்லக் கசியவேண்டும். அதனால்தான் 18 கேஜ், ஒன்று முதல் ஒன்றரை அங்குல ஊசி. கேஜ் எண் கூடினால் ஊசி மெலியும். மெல்லிய ஊசியில் எண்ணெய் மருந்து லேசில் இறங்காது.

பின்தொடையில்தான் சதை அதிகம், அங்கே போட்டால் என்ன? கூடாது. காலுக்குப் போகும் பெரிய நரம்பு அங்கே ஓடுகிறது; பட்டால் கால் இழுத்துக்கொள்ளும். தோள்பட்டைக்கு முன்னால், பிடரித் தசைநாருக்குக் கீழே, கழுத்தெலும்புக்கு மேலே உள்ள முக்கோணமே சரி. குத்தியதும் பிஸ்டனைச் சற்று பின்னிழுங்கள். ரத்தம் வந்தால் உருவிவிட்டு வேறிடத்தில் போடுங்கள்.

ஆட்டுக்கொல்லி நோய் இந்தியாவில் முதலில் தெரியவந்தது 1987-ல், நம் விழுப்புரம் பக்கத்து அரசூரில். அதன் மருந்து தண்ணீர் போன்றது, ஒரு மில்லிதான். 20 கேஜ், அரை அங்குல ஊசி தாராளம். தோல் மடிப்பின் அடியில் சாய்வாகக் குத்தவேண்டும். ஊசிமுனை மறுபக்கம் வெளியே வந்துவிட்டால்? மயிர் நனையும். மருந்து ஆட்டுக்குள் போகவில்லை!