கறுப்பு கரைய, தண்ணீர் நிற்கும்

குளிர்பான விளம்பரங்களில் கேனைச் சுற்றித் தண்ணீர் சீறிக்கொண்டு எழும். அந்த நொடிக்காக ஒருவர் கேமராவோடு தவம் கிடந்தார் என்று தோன்றும். பல சமயம் கேன் ஒரு படம், தண்ணீர் வேறு நாலைந்து படங்கள்.

தண்ணீரைத் தனியே, கறுப்புத் துணிக்கு முன்னால் தெறிக்கவிட்டு எடுப்பார்கள். அந்தப் படத்தை போட்டோஷாப்பில் கேனுக்கு மேல் ஒரு லேயராக வைத்து, Normal என்றிருப்பதை Screen என்று மாற்றினால் கறுப்பு கரைந்துவிடும். வெளிச்சம் பட்ட தண்ணீர் மட்டும் நிற்கும். ஒவ்வொரு துளியாக வெட்டியெடுக்கும் வேலையே இல்லை. மேல் படத்தின் வெளிச்சத்தைக் கீழ்ப் படத்தின் மேல் ஏற்றுவதுதான் Screen செய்வது. சுத்தக் கறுப்பில் ஏற்ற ஒன்றுமில்லை, அதனால் கீழே இருப்பது மாறாது.

சிக்கலும் அந்தச் சுத்தத்தில்தான். வெளிச்சத்தை 0 முதல் 255 வரை அளக்கிறோம். துணி 0 ஆக இல்லாமல் 20 ஆகப் பதிவாகியிருந்தால், 30 ஆக இருந்த கருநீலப் பின்னணி 48 ஆக வெளுக்கும். தண்ணீரைச் சுற்றி மங்கலாக ஒரு செவ்வகம் தெரியும். தண்ணீர் லேயரில் மட்டும் Levels திறந்து, இடது முனையை 20-ஐத் தாண்டி நகர்த்தினால் அது மறையும். ரொம்பத் தள்ளினால் மெல்லிய சாரலும் சேர்ந்து போய்விடும். கட்டம் போய்விட்டதா என்று கண்ணை நம்ப வேண்டாம்; படம் முழுவதையும் தற்காலிகமாக வெளுக்க வைத்துப் பாருங்கள், ஒளிந்திருக்கும் விளிம்பு வெளியே வரும்.

பச்சைக் கேன், கருநீலப் பின்னணி என்று வைத்துக்கொள்வோம். கேனை வெட்டித் தனி லேயராக்கி, பெரிய அலை ஒன்றை அதற்குக் கீழுள்ள லேயரில் வைத்தால் தண்ணீர் பின்னாலிருந்து எழும். இன்னொன்றை மேலே வைத்து, கேனின் அடிப்பகுதியைத் தழுவும்படி Warp கொண்டு வளைக்கலாம். பானத்தின் பெயரை மறைக்கும் இடத்தில் லேயர் மாஸ்க் போட்டு, மென்மையான கறுப்பு பிரஷால் தடவினால் தண்ணீர் விலகும். முன்னும் பின்னும் தண்ணீர் இருந்தால்தான் கேன் அதற்குள் நிற்பதாகத் தோன்றும்.

ஒரே அலையை இடவலம் திருப்பி மறுபக்கமும் ஒட்டும் பழக்கம் பலருக்கு உண்டு. கேனில் பளபளப்பு இடப்பக்கம் இருக்க, திருப்பிய தண்ணீரில் அது வலப்பக்கம் போய்விடும். எது தவறு என்று பார்ப்பவருக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் ஒட்டுவேலை என்று தெரிந்துவிடும். கேன் மேல் ஒட்டும் பனித்துளிகளும் அப்படித்தான். நடுவில் உருண்டையாக இருப்பவை, கேன் வளைந்து போகும் ஓரங்களில் ஒடுங்க வேண்டும்.

வெள்ளைப் பின்னணி கேட்டால் இத்தனையும் பலிக்காது. Screen வெளுக்க மட்டுமே செய்யும், வெள்ளையை எங்கே வெளுப்பது? அதற்கு வெள்ளைக்கு முன்னால் எடுத்த தெறிப்பும் Multiply முறையும் வேண்டும். அதில் வெள்ளை மறைந்து, தண்ணீரின் கருத்த விளிம்புகள் தங்கும்.